பூட்டிய திரையில் தெரியும் ஐந்து சொற்கள்

பேக்கரி உரிமையாளரின் கைப்பேசி பெரும்பாலும் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில், திரை பூட்டிய நிலையில் கிடக்கும். வாட்ஸ்ஆப்பில் செய்தி ஏதேனும் வந்தால் திரை ஒரு கணம் ஒளிரும். அனுப்பியவரின் பெயரோ எண்ணோ மேலே தெரியும். செய்தியின் தொடக்கம் அதற்குக் கீழே ஒரு வரியில் தெரியும். ரொட்டியை உறையிலிட்டுக்கொண்டே அவர் அதைக் கடைக்கண்ணால் பார்ப்பார். திறப்பதா, பிறகு பார்ப்பதா, பார்க்காமலே விடுவதா என்ற முடிவு அந்த ஒரு பார்வையிலேயே எடுக்கப்பட்டுவிடும். அறிமுகமில்லாத ஒருவர் அனுப்பும் முதல் வணிகச் செய்தியின் கதி அந்த ஒரு வரியைப் பொறுத்ததாகவே இருக்கிறது.

சிறுதொழில் செய்யும் நம் வாடிக்கையாளர்களில் பலர் இன்று இந்த வழியில்தான் புதிய கடைகளை அணுகுகிறார்கள். அவர்கள் எழுதும் செய்திகளில் பெரும்பாலானவை நல்ல தமிழில், மரியாதையுடன், விவரம் நிறைந்ததாகவே இருக்கின்றன. குறை என்னவென்றால், அவை கடிதங்களாக இருக்கின்றன. கடிதத்தை உறை பிரித்து முழுவதும் படிப்பார்கள் என்று நம்பி எழுதலாம். அறிவிப்பில் தெரியும் முன்னோட்டத்தை அப்படி நம்ப இயலாது.

புதுச்சேரியில் அட்டைப்பெட்டி தயாரிக்கும் பெண் தொழில்முனைவோர் ஒருவரின் அனுபவம் இதை நன்கு விளக்கும். தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் ஆறு பணியாளர்களுடன் இயங்கும் சிறிய அலகு அவருடையது. டூப்ளெக்ஸ் அட்டையில் இனிப்புப் பெட்டிகளும் கேக் பெட்டிகளும் செய்கிறார். வங்கியில் ஆறு லட்சம் ரூபாய் கேஷ் கிரெடிட் வரம்பு உண்டு. உற்பத்தியில் பாதிக்கு மேல் வாங்கிவந்த ஒரு பெரிய இனிப்பகம் கடந்த செப்டம்பரில் கொள்முதலை நிறுத்திவிட்டது. மாதந்தோறும் அவர் அளிக்கும் சரக்கு இருப்பு அறிக்கையில் கையிருப்பு ஏறிக்கொண்டே போனது. கணக்கில் வரவு சுருங்கியது. கடன் வரம்பின் விளிம்பில் நின்றது. வட்டி ஏற்றப்படும் நாளில் வரம்பைத் தாண்டிவிடுமோ என்ற கவலை அவருக்கும் இருந்தது, எனக்கும் இருந்தது. அப்படித் தாண்டிய நிலை தொடர்ந்து 90 நாட்களுக்கு மேல் நீடித்தால் கணக்கு வாராக்கடனாக வகைப்படுத்தப்படும். கிறிஸ்துமஸ், புத்தாண்டு கேக் விற்பனைக்கு முன்பாகப் புதிய பேக்கரிகளைப் பிடித்தாக வேண்டிய நிலை.

கடைப் பலகைகளிலிருந்தும் இணையப் பட்டியல்களிலிருந்தும் அறுபது எண்களைத் திரட்டி, அனைத்திற்கும் ஒரே செய்தியை அவர் அனுப்பினார். அது இவ்வாறு தொடங்கியது:

“வணக்கம் ஐயா. தங்களுக்கும் தங்கள் குடும்பத்தினருக்கும் எங்கள் நிறுவனத்தின் இனிய தீபாவளி நல்வாழ்த்துகளைத் தெரிவித்துக்கொள்கிறோம். நாங்கள் கடந்த பதினோரு ஆண்டுகளாகப் புதுச்சேரி தட்டாஞ்சாவடியில் தரமான அட்டைப்பெட்டிகளைத் தயாரித்து…”

பெட்டியின் விலையும் மிகக்குறைந்த ஆர்டர் அளவும் ஒன்பதாவது வரியில் இருந்தன. அச்செய்தியைத் தொடர்ந்து பன்னிரண்டு பக்கப் பட்டியல் ஒன்றைப் பிடிஎஃப் கோப்பாக அனுப்பியிருந்தார். அறுபதில் நான்கு பதில்கள் வந்தன. இரண்டு “யார்?” என்று கேட்டன, ஒன்று “வேண்டாம்” என்றது, ஒன்று கைகூப்பும் படம். அடுத்த நாள் புதிய எண்களுடன் உரையாடல் தொடங்க இயலாதவாறு அவருடைய வாட்ஸ்ஆப் கணக்கே சில மணி நேரம் கட்டுப்படுத்தப்பட்டது. தெரியாத எண்ணிலிருந்து வந்த செய்தியைப் பெற்றவர்கள் தடைசெய்தாலோ புகார் அளித்தாலோ இவ்வாறு நேரும்.

பெற்றவர் கண்ணில் பட்டது என்ன என்பதைப் பாருங்கள். மூடிய நிலையிலுள்ள ஆண்ட்ராய்டு அறிவிப்பில் ஒரு வரிதான் தெரியும். எத்தனை எழுத்து என்று உறுதியாகச் சொல்ல முடியாது. வெட்டு விழுவது எழுத்து எண்ணிக்கையால் அல்ல, திரையின் அகலத்தால். தமிழ் எழுத்துகள் அகலமானவை. ‘ணை’, ‘னோ’ போன்றவை இன்னும் அதிக இடம் பிடிப்பவை. நாற்பது வயதைக் கடந்த கடைக்காரர்கள் பலர் எழுத்தளவைப் பெரிதாக்கி வைத்திருப்பார்கள். ஆகவே நான்கு அல்லது ஐந்து தமிழ்ச் சொற்கள் தெரியும் என்று கொள்வதே பாதுகாப்பானது. அந்த அறுபது பேரும் கண்டது “வணக்கம் ஐயா. தங்களுக்கும் தங்கள்…” என்பதை மட்டுமே. பிடிஎஃப் வந்து சேர்ந்தபின் அதுவும் இல்லை. வாட்ஸ்ஆப்பின் உரையாடல் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் கீழே தெரிவது கடைசியாக வந்த செய்தி. எனவே எழுதிய சொற்களின் இடத்தை ஒரு கோப்பின் பெயர் பிடித்துக்கொண்டது.

தமிழில் எழுதுவோர் இங்கே கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. நம் மொழியில் வினைச்சொல் வாக்கியத்தின் இறுதியில் நிற்கும். யார், எங்கே, எவ்வளவு காலமாக, எப்படி என்பதையெல்லாம் சொல்லிய பிறகுதான் ‘விற்கிறோம்’ என்பது வரும். முறையான கடித நடையில் பெயரடைகள் மேலும் சேர்ந்து, எதைப் பற்றிய செய்தி என்பதே பத்தாவது சொல்லுக்குப் பிறகுதான் தெரியவரும். ஐந்து சொற்களில் வெட்டு விழும்போது பொருளும் போய்விடுகிறது, வினையும் போய்விடுகிறது. அடைமொழிகள் மட்டும் எஞ்சுகின்றன. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட மாதிரிச் செய்திகளை அப்படியே தமிழாக்கினால் அவை முன்னோட்டத்தில் பொருள் தராமல் போவதற்கும் இதுவே காரணம்.

இதற்குத் தீர்வும் தமிழிலேயே இருக்கிறது. வினையே இல்லாத பெயர்ச்சொல் வாக்கியம் நமக்குப் புதிதல்ல. ‘இட்லி இரண்டு பத்து ரூபாய்’, ‘வீடு வாடகைக்கு’, ‘இன்று மதியம் விடுமுறை’ என்று கடைப் பலகைகளில் நாள்தோறும் படிக்கிறோம். அவற்றில் வினை இல்லாததால் பொருள் குறைவதும் இல்லை, மரியாதை குறைவதும் இல்லை. முதல் செய்தியின் முதல் வரி கடிதத்தின் தங்கை அல்ல. கடைப் பலகையின் தங்கை.

பெட்டித் தயாரிப்பாளரும் நானும் கிளையில் ஒரு மதிய வேளையில் அமர்ந்து செய்தியைத் திருத்தினோம். ஆனால் சொற்களைத் தொடுவதற்கு முன்பே மாற்ற வேண்டியவை இரண்டு இருந்தன.

முதலாவது அனுமதி. வணிக நிறுவனங்கள் ஒருவருக்குச் செய்தி அனுப்ப வேண்டுமானால், அவர் தம் எண்ணைத் தந்திருக்க வேண்டும், செய்தி பெறுவதற்கு இசைந்திருக்கவும் வேண்டும் என்பது வாட்ஸ்ஆப்பின் வணிகக் கொள்கை. பலகையில் எண் எழுதியிருப்பது எல்லாருக்கும் கொடுத்த இசைவு ஆகாது. அவருடைய விநியோக ஊழியர் நாள்தோறும் கடலூர் சாலையிலும் விழுப்புரம் சாலையிலும் வண்டியில் போய்வருபவர். வழியிலுள்ள பேக்கரிகளில் ஒரு நிமிடம் நின்று, “கேக் பெட்டி விலையை வாட்ஸ்ஆப்பில் அனுப்பலாமா? எந்த எண்ணுக்கு?” என்று மட்டும் கேட்குமாறு அவரிடம் சொல்லப்பட்டது. 38 கடைகளில் கேட்டார். 31 கடைகள் இசைந்தன. உரிமையாளர் கல்லாவில் இருக்கும் நேரத்தையும் அவர் ஒரு தாளில் குறித்துக்கொண்டு வந்தார். அந்தத் தாள் பின்னர் மிகவும் பயன்பட்டது.

இரண்டாவது பெயர். உங்கள் எண்ணைச் சேமித்து வைக்காதவரின் திரையில் உங்கள் எண்ணோ, அல்லது ~ என்ற குறியுடன் நீங்களே வைத்துக்கொண்ட பெயரோதான் தெரியும். நம் வாடிக்கையாளர் தம் வாட்ஸ்ஆப் பெயராகத் தம் மகளின் செல்லப்பெயரையும் ஒரு ரோஜாப்பூவையும் வைத்திருந்தார். உறவினர்களுக்கு அது இனிமை. பேக்கரிக்காரருக்கு அது ஐயம். பெயரும் முன்னோட்டத்தின் ஒரு பகுதியே. இலவசமாகக் கிடைக்கும் வாட்ஸ்ஆப் பிசினஸ் செயலிக்கு மாறி, நிறுவனப் பெயருடன் ‘பெட்டிகள்’ என்ற சொல்லும் வருமாறு அமைத்தார். அதனால் செய்தியின் முதல் வரியில் ‘நாங்கள் இன்னார்’ என்று சொல்லும் தேவை நீங்கியது. ஐந்து சொற்களும் பொருளுக்கே கிடைத்தன.

இனி அந்த ஐந்து சொற்கள். அவர் எழுதிய முதல் திருத்தம் “தரமான, மலிவான கேக் பெட்டிகள் கிடைக்கும்” என்பது. முன்னோட்டத்தில் முழுவதும் தெரிகிறது. ஆனால் எவரும் எவருக்கும் அனுப்பக்கூடிய வரி அது. இரண்டாவது திருத்தம் “நீங்கள் கேட்ட கேக் பெட்டி விலை”. இது கண்ணை நிறுத்தும் என்பதில் ஐயமில்லை. ஆனால் உண்மையல்ல. கடைக்காரர் கேட்கவில்லை, நம் ஊழியர் கேட்டார், அவர் சரி என்றார். கேட்காததைக் கேட்டதாக எழுதும் செய்திகளை மோசடிக்காரர்களிடமிருந்து நிறையவே கண்டு பழகியவர்கள் நம் மக்கள். ‘நான் எப்போது கேட்டேன்?’ என்ற ஒரு கேள்வி எழுந்துவிட்டால் அடுத்து வரும் உண்மைகளும் பொய்யாகத் தோன்றும். எனவே மூன்றாவதாக இதை வைத்துக்கொண்டோம்:

“நேற்று கடையில் பேசிய கேக் பெட்டி: கடைப்பெயர் அச்சிட்டு, 100 முதல். 1 கிலோ அளவு ₹18. மாதிரி ஒன்று அனுப்பவா?”

இதில் முதல் ஐந்து சொற்களை மட்டும் பிரித்துப் பாருங்கள்: ‘நேற்று கடையில் பேசிய கேக் பெட்டி’. எங்கிருந்து அறிமுகம் என்பதும், எதைப் பற்றி என்பதும் அதற்குள் அடங்கிவிட்டன. வெட்டு அங்கேயே விழுந்தாலும் செய்தி நிற்கிறது. ‘வணக்கம்’ இல்லையே என்று அவர் தயங்கினார். அத்தயக்கம் நியாயமானதே, நம் பண்பாட்டில் வணக்கம் சொல்லாமல் பேச்சைத் தொடங்குவதில்லை. வணக்கத்தை நாங்கள் விட்டுவிடவில்லை, செய்தியின் கீழ்ப்பகுதிக்குக் கொண்டுசென்றோம். ‘வணக்கம்’ என்பதை மட்டும் தனிச்செய்தியாக முதலில் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. அறிமுகமானவர்களிடையே அது சரி. தெரியாத எண்ணிலிருந்து வரும் தனி ‘வணக்கம்’ இன்றைய நாளில் மோசடியின் முதல் படி என்றே பலராலும் கருதப்படுகிறது.

அறிவிப்பை விரலால் கீழே இழுத்து விரித்தால் மேலும் சில வரிகள் தெரியும். ஐபோன்களின் பூட்டிய திரையில் இழுக்காமலேயே இரண்டு மூன்று வரிகள் தெரிவதுண்டு. ஐந்து சொற்களில் ஆர்வம் பிறந்தவருக்கு அடுத்து எழும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே இருக்க வேண்டும். பேக்கரிக்காரருக்கு அந்தக் கேள்விகள் என்னென்ன? கடைப்பெயர் அச்சிட்ட பெட்டி வேண்டுமென்றால் ஆஃப்செட் அச்சகங்கள் ஆயிரக்கணக்கில் ஆர்டர் கேட்கும். அச்சுத் தகட்டுச் செலவு சிறு எண்ணிக்கைக்குக் கட்டுபடியாகாது. இவரோ ஒரே நிறத்தில் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்பவர். நூறு பெட்டிக்கும் அவரால் முடியும். சிறிய பேக்கரிக்கு இவரிடம் வருவதற்கான காரணமே அந்த ‘100 முதல்’தான். பழைய செய்தியில் அது ஒன்பதாவது வரியில் கிடந்தது. இப்போது இரண்டாவது வாக்கியத்தின் இடத்திற்கு வந்துவிட்டது. அதன்பின் ஒரே ஓர் அளவுக்கு ஒரே ஒரு விலை. அரைக் கிலோ, இரண்டு கிலோ விலைகளையும் எழுதலாமே என்றார். எழுதினால் அது விலைப்பட்டியலாகிவிடும். அதிகம் விற்கும் அளவு ஒன்றின் விலை தெரிந்தால் மற்றதை அவரே கணித்துக்கொள்வார் அல்லது கேட்பார். அவர் கேட்பது நமக்கு நல்லதுதான்.

இறுதியில் நிற்கும் கேள்வியும் எண்ணிப்பார்த்து எழுதப்பட்டது. அறிவிப்பிலிருந்தபடியே, செயலியைத் திறக்காமல் பதில் எழுதும் வசதி ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் உண்டு. மாவு படிந்த கையால் ஒரு சொல் எழுதலாம். ஒரு பத்தி எழுத முடியாது. ‘தங்கள் தேவை என்ன என்பதைத் தெரிவிக்கவும்’ என்றால் அதற்கு விடை எழுத உட்கார வேண்டும். ‘மாதிரி ஒன்று அனுப்பவா?’ என்றால் ‘ம்’ போதும். கடையில் ஏற்கெனவே பெட்டி வாங்கிக்கொண்டிருப்பவரும் மாதிரியைப் பார்க்க மறுப்பதில்லை.

செய்தியைத் திறந்து படிப்பவருக்காகக் கீழே மூன்று வரிகள்: வணக்கம், நிறுவனப் பெயர், தொழிற்பேட்டை முகவரி, கடைக்கு வந்த ஊழியரின் பெயர், ஜிஎஸ்டி எண். அறிமுகமில்லாத விற்பனையாளரை நம்புவதற்கு ஜிஎஸ்டி எண் எளிய ஆதாரம். 15 இலக்கமும் எழுத்தும் கொண்ட அந்த எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிக்கும். புதுச்சேரிக்கு 34, தமிழ்நாட்டுக்கு 33. gst.gov.in தளத்தில் அந்த எண்ணைக் கொடுத்து, பதிவு யார் பெயரில் உள்ளது என்பதை எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். இத்தகைய செய்திகளைப் பெறும் நிலையிலுள்ள கடைக்காரர்கள் முன்பணம் எதுவும் கொடுக்கும் முன்பு இந்தச் சரிபார்ப்பைச் செய்துவிடுவது நல்லது.

செய்தியில் வைக்கக்கூடாதவற்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். இணைப்பு எதுவும் வேண்டாம். க்யூஆர் குறி வேண்டாம். ‘உடனே’, ‘இன்றே கடைசி’, ‘தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளீர்கள்’ போன்ற சொற்கள் வேண்டாம். போக்குவரத்து அபராதம், வங்கியின் கேஒய்சி என்றெல்லாம் சொல்லி .apk கோப்புகளை வாட்ஸ்ஆப்பில் அனுப்பி, திறந்தவரின் கைப்பேசியைக் கைப்பற்றிப் பணத்தை எடுக்கும் மோசடிகள் நாடெங்கும் நடக்கின்றன. அதனால் தெரியாத எண்ணிலிருந்து வரும் கோப்புகளைத் திறக்காதீர்கள் என்று வங்கிகளாகிய நாங்களே ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அந்த அறிவுரையைக் கேட்டு நடக்கும் கடைக்காரர் உங்கள் பிடிஎஃப் பட்டியலையும் திறக்க மாட்டார். அவர் செய்வது சரிதான். (அத்தகைய மோசடியில் பணம் போய்விட்டால் தாமதமின்றி 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். ஐயத்திற்குரிய செய்திகளைச் சஞ்சார் சாத்தி தளத்தின் ‘சக்ஷு’ பகுதியில் தெரிவிக்கலாம்.) படம் அனுப்பியே ஆக வேண்டுமென்றால் படத்துடனேயே சொற்களையும் சேர்த்து எழுதி, ஒரே செய்தியாக அனுப்புங்கள். அப்போது முன்னோட்டத்தில் ஒரு சிறு படக்குறியும் அதன் பக்கத்தில் நீங்கள் எழுதிய சொற்களும் தெரியும். சொற்களில்லாத படம் வெறும் ‘புகைப்படம்’ என்று மட்டுமே தெரியும். நம் வாடிக்கையாளர் முதல் செய்தியில் படமே வைக்கவில்லை. பதில் வந்தவர்களுக்கு மட்டும் ஒரு படம் அனுப்பினார்.

அனுப்புவதற்கு முன் முன்னோட்டத்தைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். தனக்குத் தானே செய்தி அனுப்பிப் பார்ப்பது இதற்கு உதவாது. அதற்கு அறிவிப்பு வருவதில்லை. தங்கள் எண் சேமிக்கப்படாத இன்னொரு கைப்பேசிக்கு, திரையைப் பூட்டி வைத்துவிட்டு அனுப்ப வேண்டும். நாங்கள் கிளையின் காவலரிடமிருந்த சிறிய திரை கொண்ட பழைய ஆண்ட்ராய்டு கைப்பேசியைக் கேட்டு வாங்கினோம். அவர் எழுத்துகளைப் பெரிதாக்கி வைத்திருந்தது எங்களுக்கு வசதியாகப் போயிற்று. முதல் முயற்சியில் ‘நேற்று தங்கள் கடையில் பேசிய…’ என்று வந்து கேக் பெட்டி காணாமல் போனது. ‘தங்கள்’ என்ற ஒரு சொல்லை நீக்கியதும் ‘கேக் பெட்டி’ திரைக்குள் வந்துவிட்டது. செய்தியின் மரியாதை அச்சொல்லில் இல்லை. அதன் இடத்தில் பொருள் தெரிவதுதான் கடைக்காரரின் நேரத்திற்குத் தரும் மரியாதை என்று நான் சொன்னேன். காவலரோ, “பெட்டி என்ன விலை சார்?” என்று கேட்டார். அதற்குமேல் திருத்தம் தேவைப்படவில்லை.

அனுப்பிய முறையும் மாறியது. ஒலிபரப்புப் பட்டியல் வழியாக அனுப்பும் செய்தி உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே போய்ச்சேரும். எனவே முதல் அறிமுகத்திற்கு அது பயன்படாது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத்தான் அனுப்ப வேண்டும். ‘நேற்று’ என்ற சொல் உண்மையாக இருக்க வேண்டுமானால் ஊழியர் போய்வந்த மறுநாளே அனுப்பியாக வேண்டும். நாளொன்றுக்கு ஏழெட்டுச் செய்திகள், நான்கு நாட்கள். பேக்கரிகளில் காலையிலும் மாலையிலும் கூட்டம். ஊழியரின் தாளில் பெரும்பாலான உரிமையாளர்கள் பிற்பகல் இரண்டு முதல் மூன்றரை வரை ஓரளவு ஓய்வாக இருப்பதாகக் குறிப்பிடப்பட்டிருந்தது. அந்நேரத்தில் அனுப்பிய செய்தி, காலை வாழ்த்துப் படங்களின் குவியலுக்குள் புதைந்துபோவதும் இல்லை.

தனித்தனியாக அனுப்புவதில் ஓர் ஆபத்து உண்டு. சிலருக்குக் கடையின் பெயரையே முதல் சொல்லாக வைத்து அனுப்பலாம் என்று அவர் முயன்றார். ஒட்டும் அவசரத்தில் ஒரு கடைக்கு வேறொரு கடையின் பெயர் போய்விட்டது. அனுப்பிய செய்தியை 15 நிமிடங்களுக்குள் திருத்த வாட்ஸ்ஆப்பில் வழியுண்டு. எனினும் பூட்டிய திரையில் ஒருமுறை படித்ததைக் கண்ணிலிருந்து திருத்த முடியாது. அதன்பின் கடைப்பெயர் வைப்பதை விட்டுவிட்டார். ‘நேற்று கடையில் பேசிய’ என்பது 31 பேருக்கும் பொருந்துவது, 31 பேருக்கும் உண்மையானது.

விளைவைச் சொல்ல வேண்டும். 31 செய்திகளில் 13 பேர் மாதிரி கேட்டார்கள். 7 பேர் வேண்டாம் என்றார்கள். 11 பேர் பதிலளிக்கவில்லை. மாதிரி பெற்றவர்களில் ஒன்பது கடைகள் கிறிஸ்துமஸுக்கு முன் ஆர்டர் கொடுத்தன. மிகச் சிறியது நூறு பெட்டி, மிகப் பெரியது அறுநூறு. இதைச் சொற்களின் வெற்றி என்று மட்டும் சொல்வது சரியாகாது. முதல் முறை அனுமதி கேட்கவில்லை, இரண்டாம் முறை கேட்டோம். அந்த வேறுபாடே பெரியது. சென்றுவிட்ட இனிப்பகத்தின் இடத்தை இந்த ஒன்பது கடைகளும் சேர்ந்து நிரப்பிவிடவும் இல்லை. ஆனால் டிசம்பர் மாத வட்டி ஏறிய நாளில் கணக்கு வரம்புக்குள்ளேயே நின்றது. ஒரே வாடிக்கையாளரை நம்பியிருந்த விற்பனைப் பட்டியலில் ஒன்பது புதிய பெயர்கள் சேர்ந்தது, அடுத்த ஆண்டு வரம்பைப் புதுப்பிக்கும் விண்ணப்பத்திலும் பயன்படும்.

பதிலளிக்காத பதினோரு பேரைப் பற்றி அவர் மிகவும் வருந்தினார். அவர்களில் எட்டுப் பேருக்கு நீலக்குறி வரவில்லை. இரண்டு சாம்பல் குறிகள் மட்டுமே. ‘பார்க்கவே இல்லையே’ என்றார். பூட்டிய திரையில் செய்தியைப் படிப்பவருக்கு நீலக்குறி தோன்றாது. உரையாடலைத் திறந்தால்தான் தோன்றும். முன்னோட்டத்திற்குள் அடங்குமாறு எழுதிய செய்திக்கு இது தவிர்க்க முடியாத பக்கவிளைவு. எல்லாம் வெளியிலேயே தெரிந்துவிட்டதால் திறக்கும் தேவை இல்லாமல் போகிறது. சிலர் படிப்பதற்கான குறியையே நிறுத்தி வைத்திருப்பார்கள். வேறு சிலர் அறிவிப்பில் செய்தியின் உள்ளடக்கம் தெரியாதவாறு மறைத்திருப்பார்கள். அவர்களிடம் நம் ஐந்து சொற்களுக்கு வேலையே இல்லை. ஆகவே நீலக்குறியை வைத்து எதையும் முடிவு செய்யாமல், வந்த பதில்களை மட்டும் எண்ணுமாறு சொன்னேன். ‘பார்த்தீர்களா?’ என்றோ வெறும் கேள்விக்குறியாகவோ மறுசெய்தி அனுப்பினால் உரையாடல் பட்டியலில் முதல் செய்தி மறைந்து அந்தக் கேள்விக்குறிதான் முன்னோட்டமாக நிற்கும் என்பதையும் நினைவூட்டினேன்.

ஐந்து நாட்கள் கழித்து அந்தப் பதினோரு பேருக்கும் ஒரே ஒரு மறுசெய்தி போனது: “கிறிஸ்துமஸ் கேக் பெட்டி: டிசம்பர் 10க்குள் சொன்னால் கடைப்பெயருடன் 20இல் தயார். மாதிரி அனுப்பவா?” முந்தைய செய்தியைப் படிக்காதவருக்கும் இது தனியாகவே விளங்கும், குறிப்பிட்ட தேதி அச்சிடவும் காயவும் ஆகும் நாட்களைக் கணக்கிட்டு வைத்தது, அவசரப்படுத்துவதற்காக வைத்ததல்ல. இருவர் பதிலளித்தனர். ‘வேண்டாம்’ என்று முன்பே சொன்ன ஏழு பேருக்கு இது அனுப்பப்படவில்லை. நன்றி சொல்லி, செயலியிலேயே அவர்கள் பெயருக்குத் தனிக் குறிச்சீட்டு இட்டுவிட்டார். மூன்றாவது செய்தி எவருக்கும் இல்லை. மீதமிருந்த ஒன்பது கடைகளுக்கு விநியோக ஊழியர் ஜனவரியில் வழக்கமான ஓட்டத்தின்போது ஒரு மாதிரிப் பெட்டியை நேரில் கொடுத்துவிட்டு வந்தார். அவற்றில் ஒரு கடை, பொங்கலுக்கு இனிப்புப் பெட்டி இருநூறு கேட்டது.